எந்தத் தலைப்பு யாருடையது

எனக்குக் காத்திருக்க வராது. பஸ் கொஞ்சம் தாமதமானாலும் அடுத்த நிறுத்தம் வரை நடந்துவிடலாம் என்று கிளம்பிவிடுவேன். பாதி வழியில் அந்த பஸ் என்னைத் தாண்டிக்கொண்டு போகும். கண்டக்டர்களுக்குக்கூட என் முகம் பழகிப்போயிருக்கும் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, ஒன்றை மாற்றிவிட்டு வாரக்கணக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரும் வேலை.

எங்கள் ஆபீஸ் தண்டையார்பேட்டையில் ஒரு குடோனுக்கு மேல் இருக்கிறது. கீழே வால்வு, பேரிங், ரப்பர் ஹோஸ், போல்ட்டு நட்டு, படகுச் சாமான், தொழிற்சாலைக்காரர்கள் வாங்கும் முகமூடி, கையுறை. வாசலில் லாரி எடைமேடை. மேலே மாடியில் நாங்கள் மூன்று பேர், எங்கள் இணையதளம். குடோனில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும், ஒவ்வொரு அளவுக்கும், ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனிப் பக்கம். அரை இஞ்ச் பித்தளை வால்வுக்கு ஒன்று, முக்கால் இஞ்சுக்கு இன்னொன்று. இப்படிப் பல ஆயிரம் பக்கங்கள், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை.

தேடுபொறியில் யாராவது ஒரு சாமானைத் தேடினால், பட்டியலில் நீல எழுத்தில் ஒரு வரி வருமே, அதுதான் பக்கத்தின் தலைப்பு. அந்த வரியைப் பார்த்துத்தான் ஒருவர் நம் பக்கத்துக்குள் வருவதா, அடுத்தவன் பக்கத்துக்குப் போவதா என்று முடிவு செய்கிறார். எங்கள் தலைப்புகளின் அச்சை எழுதியவள் நான். முதலில் சாமானின் பெயர், பிறகு அளவு, பிறகு கோட் எண். தொழிலில் இருப்பவன் எங்கள் பில்லில் பார்த்துப் பழகிய கோட் எண்ணைப் போட்டுத்தான் தேடுவான் என்பது என் கட்சி. தளம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வேகமாகத் தட்டச்சு செய்வாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அக்கா, இந்த டைட்டிலு யாரு எழுதுனது?"

"ஏன்?"

"இன்னாத்துக்கு யூஸ் ஆவுதுன்னே சொல்லலயே. ஜனங்க நம்பரையா தேடுது? படகு எஞ்சினுக்கு, தண்ணி மோட்டாருக்குன்னுதான தேடுது?"

"நான்தான் எழுதினேன்" என்றேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் நம்பருக்குப் பதில் உபயோகத்தைப் போட வேண்டும் என்ற கருத்தை வாபஸ் வாங்கவில்லை.

விஷயம் முதலாளி வரைக்கும் போயிற்று. அவரை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். பழைய வண்ணாரப்பேட்டைக்காரர். பேச்சு வளவளவென்று இருந்தால் பிடிக்காது. இரண்டு கட்சியையும் கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"உன் டைட்டில பாதிக்குப் போடு. பாதி அக்காவோடது இருக்கட்டும். உன்னுது ஜெயிச்சா வேல பர்மனென்ட்டு. இல்லன்னா ட்ரைனிங்கோட முடிச்சுக்கலாம். சரியா?"

அவள் உடனே சரி என்றாள். எனக்குத்தான் அது ஒப்பவில்லை. ஒரு பெண்ணின் வேலை, நான் எழுதிய ஒரு வரி தோற்க வேண்டும் என்பதில் போய் நிற்கிறது. அவள் சம்பளத்தை நம்பித்தான் தம்பியின் படிப்பு என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். அதற்காக நான் தோற்க ஆசைப்பட்டேனா என்றால் அதுவும் இல்லை. எனக்கு ஜெயிக்க வேண்டும், அவளும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வழியில்லை.

பக்கங்களை இரண்டாகப் பிரிக்கும் வேலை எங்கள் புரோகிராமர் அண்ணனுடையது. அவர் இந்தக் குடோனில் பில் போடும் மென்பொருளிலிருந்து தொடங்கியவர். "கோட் நம்பர்ல கடைசி நம்பர் ஒத்தப்படையா இருந்தா புதுசு, ரெட்டப்படையா இருந்தா பழசு. புரோகிராம்ல ஒரு வரில முடிஞ்சிடும்" என்றார். நானும் சரி என்றேன், அவளும் சரி என்றாள், பாயும் தலையாட்டினார். காசைச் சுண்டிப் போடுவது போலத்தானே, இதில் என்ன தப்பு வந்துவிடும் என்று எல்லோருமே நினைத்தோம்.

தலைப்பை மாற்றியவுடன் எதுவும் நடந்துவிடாது. தேடுபொறி மறுபடி நம் பக்கத்துக்கு வந்து படித்துப் போக வேண்டும். பல ஆயிரம் பக்கங்களுக்கும் வந்து போக அது எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொள்ளும். படித்த பிறகும் நாம் எழுதியதை அப்படியே காட்டும் என்று கட்டாயம் இல்லை. சில சமயம் தானே ஒரு தலைப்பைத் தைத்துப் போட்டுவிடும். அதனால் கொஞ்சம் பக்கங்களை எடுத்து, நம் தலைப்பு வெளியே தெரிகிறதா என்று பார்த்தோம். பெரும்பாலானவற்றில் தெரிந்தது. பிறகு காத்திருந்தோம். காத்திருந்தோம் என்று எழுதுவது எளிது. நான் காலையில் கிளிக் கணக்கைப் பார்ப்பேன், டீ வருவதற்கு முன் பார்ப்பேன், டீ வந்த பிறகு பார்ப்பேன். டீக்கும் கிளிக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சில வாரங்களில் கணக்கின் வரைபடத்தில் இரண்டு கோடும் தெளிவாகப் பிரிந்தன. என் பழைய தலைப்பு இருந்த பக்கங்களுக்குத் தேடலிலிருந்து வரும் கிளிக் மேலே போய்க்கொண்டே இருந்தது. அவளுடைய பக்கங்கள் படுத்த படுக்கையாக அப்படியே கிடந்தன.

சந்தோஷப்பட்டேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அன்று எனக்கு ஒரு டீ கூடுதலாக இறங்கியது. அவள் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அக்கா, என்னுது ஏறல, சரி. உங்களுது ஏன் ஏறுது?"

"நல்லா இருக்கு, ஏறுது."

"அது போன மாசமும் அப்டியேதான இருந்துச்சு? நீங்க ஒண்ணும் மாத்தலயே. ஒண்ணும் பண்ணாத பக்கம் எப்டிக்கா ஏறும்?"

எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாத கேள்விக்கு எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "தோத்தா தோத்துட்டேன்னு ஒத்துக்கணும்" என்று சொல்லிவிட்டேன். அவள் தன் இடத்துக்குப் போய், பழைய மாதக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

பாயிடம் முடிவைச் சொல்வதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் காலடிப்பேட்டையில் இருப்பவள். மீன் வாங்கக் காசிமேட்டுக்குப் போனேன். போன பிறகுதான் தடைக்காலம் என்பதே உறைத்தது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சின்ன ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவந்த கொஞ்சம் மீனைச் சுற்றி ஒரு கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. பெரிய படகுகள் எல்லாம் கரையேறி வரிசையாக நின்றன. வெல்டிங் பொறி பறந்தது, சுரண்டிய பெயின்ட் காலடியில் செதில் செதிலாகக் கிடந்தது. வருஷத்தில் இந்த ஓய்வில்தான் படகுக்கு மொத்த ரிப்பேரும் நடக்கும். ஒரு படகின் நிழலில் ஒரு ஆள் கையில் போனை வைத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் காட்டினார்.

"தோ பாரு, இந்த சைஸா? இல்ல பெர்சு வேணுமா?"

எட்டிப் பார்த்தேன். அது எங்கள் பக்கம். படகு ஷாஃப்ட்டில் தண்ணீர் ஏறாமல் சுற்றுகிற கயிறு மாதிரியான சாமானின் பக்கம். கோட் எண் பளிச்சென்று தெரிந்தது. ரெட்டைப்படையில் முடிந்தது.

கூடையோடு அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் குடோனில் கடல் சாமான் எல்லாவற்றுக்கும் ரெட்டை எண். பாயின் அப்பா காலத்து வழக்கம் அது. காசிமேட்டுக்குப் போகும் சாமான் பின் கேட் வழியாகவும், மணலி தொழிற்சாலைகளுக்குப் போகும் சாமான் முன் கேட் வழியாகவும் போக வேண்டும். லோடு ஏற்றுகிறவர்கள் கடைசி எண்ணைப் பார்த்தே கேட்டைத் தெரிந்துகொள்வார்கள். இது எனக்குத் தெரியும், அண்ணனுக்குத் தெரியும், பாய்க்கு என்னைவிட நன்றாகவே தெரியும். தினமும் அதே எண்களோடு புழங்கியதால்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. வேறு எந்த ஊர்க்காரன் செய்திருந்தாலும் ஒற்றைப்படை ரெட்டைப்படை சரியான சீட்டுக்குலுக்கலாக இருந்திருக்கும். எங்களுக்கு மட்டும் அது கடலையும் கரையையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டது. தடைக்காலத்தில் ஊரே படகுச் சாமான் தேடியது. ஏறியது கடல் சாமான். நான் என் தலைப்புக்கு மாலை போட்டுக்கொண்டேன்.

மீன் வாங்காமலே திரும்பினேன். வீட்டில் திட்டு விழுந்தது. காதில் ஏறவில்லை.

திங்கட்கிழமை பாயிடம் போய்ச் சொன்னேன். "இந்த டெஸ்ட்டு செல்லாது பாய்."

அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "பேஜாரு பண்ணாதம்மா. உன்னுது தானே ஜெயிச்சுது?"

"ஜெயிச்சது தடைக்காலம். ரெட்ட நம்பர் எல்லாம் பின் கேட்டு சாமான்."

அவர் பின் கேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க வாப்பா போட்ட நம்பரு உனக்கு ஆப்பு வெச்சுச்சா" என்றார். மறுபடி செய்ய அனுமதி கொடுத்தார். அதுவரைக்கும் அவளுக்குப் பயிற்சிக் காலம் நீளும். ஆனால் நிபந்தனை மாறவில்லை. ஜெயித்தால்தான் வேலை.

அவளிடம் போய், "நீ கேட்ட கேள்வி சரி" என்றேன். "தெரியும்க்கா" என்றாள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்திருந்தது.

படகுகள் கடலுக்குப் போன பிறகுதான் இரண்டாவது சோதனையைத் தொடங்கினோம். இந்த முறை பிரிப்பதிலேயே பாதி சண்டை. முதலில் பக்கங்களை இனம் இனமாகப் பிரித்தோம். கடல் சாமான் தனி, தொழிற்சாலை தனி, வீட்டுக் குழாய்ச் சாமான் தனி. ஒவ்வொரு இனத்துக்குள்ளும் ஏறக்குறைய ஒரே அளவு கிளிக் வாங்கிக்கொண்டிருந்த பக்கங்களை ஜோடி சேர்த்தோம். ஜோடியில் எதற்குப் பழைய தலைப்பு, எதற்குப் புதிய தலைப்பு என்பதைக் கம்ப்யூட்டரே சீட்டுக் குலுக்கிச் சொல்லியது. யாரும் கை வைக்கவில்லை.

அதோடு விடவில்லை. தலைப்பை மாற்றாமலே, போன மாதங்களின் கணக்கை எடுத்து இரண்டு குழுவும் எப்படி நடந்திருக்கின்றன என்று ஒப்பிட்டோம். சேர்ந்தேதான் ஏறின, சேர்ந்தேதான் இறங்கின. ஆனால் முழுக்க ஒட்டிக்கொண்டு இல்லை. ஒரு வாரம் இது கொஞ்சம் மேலே, ஒரு வாரம் அது. ஒன்றுமே செய்யாதபோதே இவ்வளவு ஆட்டம் இருக்கிறது. ஆகவே இந்த ஆட்டத்தைத் தாண்டி வித்தியாசம் வந்தால்தான் ஜெயம், உள்ளேயே நின்றால் சொல்ல முடியாது என்று முதலிலேயே எழுதி வைத்தோம். எதை எண்ணுவது, எந்த நாளிலிருந்து, எந்த நாள் வரை என்பதும் அதிலேயே இருந்தது. நடுவில் பார்த்துவிட்டு நிறுத்துவதில்லை. அந்தக் காலம் முழுக்க அந்தப் பக்கங்களில் படம், விலை, விளக்கம் எதையும் ஒரு குழுவுக்கு மட்டும் மாற்றுவதில்லை. இருப்பு தீர்ந்த சாமானின் பக்கத்தை எடுத்தால் அதன் ஜோடியையும் எடுத்துவிட வேண்டும். வேறு எந்தக் காரணத்துக்கும் எதையும் எடுப்பதில்லை.

அவள்தான் கடைசியில் ஒன்று சொன்னாள். "அக்கா, எது யாருதுன்னு நமக்கே தெரியக் கூடாது."

"ஏன்?"

"தெரிஞ்சா நீங்க உங்களுக்கு இழுப்பீங்க, நான் எனக்கு இழுப்பேன். போன வாட்டி பாத்தோம்ல."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது, ஆனால் மறுக்க முடியவில்லை. அண்ணன் ஒரு குழுவுக்கு மணலி என்றும் இன்னொன்றுக்கு எண்ணூர் என்றும் பெயர் வைத்தார். எது யாருடையது என்பது அவருக்கு மட்டும் தெரியும். எங்கள் கைக்கு வரும் கணக்கில் மணலி, எண்ணூர் என்ற இரண்டு கோடுகள் மட்டும். எங்கள் தளத்தில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். திறப்பதில்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே. பக்கம் ஒரு கிளிக் தூரத்தில் இருக்கிறது. கை அரிக்கிறது. எழுந்து ஜன்னலுக்குப் போவேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்காக நகராமல் நிற்கும். டிரைவர்கள் இறங்கி நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு அது பழகியிருந்தது. எனக்குப் பழகவில்லை. திரும்பி வந்து உட்காருவேன். அவள் என்னைப் பார்க்காமலே, "அக்கா, மவுஸ வுடுங்க" என்பாள்.

பாய் அதைவிட மோசம். காலையில் படியேறி வரும்போதே, "இன்னிக்கி யாரு மேல?" என்பார். எங்களுக்கே தெரியாது, தெரிந்த அண்ணன் சொல்ல மாட்டார் என்றால் முகம் சுருங்கும். "என் கடைல என் கணக்க எனக்கே சொல்ல மாட்டீங்களா" என்று ஒரு நாள் நிஜமாகவே கோபித்துக்கொண்டார்.

பாதிக் காலம் தாண்டியிருக்கும். நிஜமான மணலி ஊரில் சில நாட்கள் காற்று நாறியது. எங்கள் தெருவரை அந்த நெடி வந்தது, கண் எரிந்தது. ஜனங்கள் முகமூடி தேட ஆரம்பித்தார்கள். கணக்கில் பார்த்தால் எண்ணூர்க் குழுவில் ஒரே ஒரு முகமூடிப் பக்கம் மட்டும் ராக்கெட்டாக ஏறியிருந்தது. யாரோ அந்த மாடலைச் சொல்லி வாட்ஸ்ஆப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். மணலிக் குழுவிலிருந்த அதன் ஜோடி கொஞ்சம்தான் ஏறியது.

"இந்த ஒரு பக்கத்த எடுத்துடலாம்" என்றேன். "இது டைட்டிலோட வேலையே இல்ல."

"எடுக்கக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்கோம்க்கா. இருப்பு தீந்தா மட்டும்தான்."

"அப்போ இது தெரியாதே."

"தெரிஞ்சாப்புறம் ரூல மாத்துனா அதுக்குப் பேரு இன்னா?"

கத்தினேன். அவளும் கத்தினாள். கீழே லோடு ஏற்றுகிறவர்கள் தலை தூக்கிப் பார்த்தார்கள். விஷயம் என்னவென்றால், என் மனசுக்குள் எண்ணூர் அவளுடையது என்று எப்படியோ பதிந்துபோயிருந்தது. ஒரு ஆதாரமும் இல்லை. அவள் எண்ணூர் என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் கனிந்த மாதிரி எனக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அவளோ அது என்னுடையது என்று நினைத்தாளோ, தன்னுடையது என்று நினைத்தாளோ, நான் கேட்கவில்லை. கடைசியில் எழுதி வைத்ததே நின்றது. பக்கம் இருந்தது.

குறித்து வைத்த கடைசி நாள் வந்தது. அண்ணன் கணக்கை எடுத்துப் போட்டார். எண்ணூர் ஒரு துளி மேலே. ஒன்றுமே செய்யாத மாதங்களில் நாங்கள் பார்த்த ஆட்டத்துக்குள் அது அடங்கியது. தாண்டவில்லை. இரண்டு பேரும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். அவள் இனம் பிரித்துப் பார்த்தாள். கடல் சாமானில் மணலி நன்றாகவே மேலே இருந்தது. வீட்டுக் குழாயில் எண்ணூர்.

"கடல மட்டும் காட்டுனா..." என்று ஆரம்பித்தவள் தானே நிறுத்திக்கொண்டாள். எத்தனை துண்டாக வெட்டினாலும் ஏதாவது ஒரு துண்டில் யாராவது ஜெயித்துத்தான் இருப்பார்கள் என்பது அவளுக்கும் தெரியும். பெயரைத் திறப்பதற்கு முன்பே முடிவை எழுதினோம். வித்தியாசம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த வரி அவளுக்கு வேலை தராது.

பிறகு அண்ணன் சொன்னார். "எண்ணூர் பழசு. மணலி புதுசு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கத்திக் கத்தி வெளியே தள்ளப் பார்த்தது என்னுடைய பக்கத்தையேதான். அவள் வாதாடிக் காப்பாற்றியதும் அதையேதான். அவள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எதற்காக என்று எனக்குத் தெரியும்.

மூன்று பேருமாகக் கீழே பாயின் அறைக்குப் போனோம். எண்ணூர் மேலே, எண்ணூர் பழசு என்ற இரண்டு வார்த்தை காதில் விழுந்ததுமே அவருக்குக் கணக்கு முடிந்துவிட்டது.

"அப்போ அக்காவோடது ஜெயிச்சுடுச்சு" என்றார். அவள் பக்கம் திரும்பி, "மனசுல வெச்சுக்காதம்மா, பேசுனது பேசுனதுதான்" என்றார். அவர் அதைக் கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"ஜெயிக்கல பாய்" என்றேன்.

"மேலதானே கீது?"

"வாசல்ல எடமேடையில காத்தடிச்சா நம்பர் ஆடும்ல. லாரி மேல ஏறாமலே ஆடும். அந்த ஆட்டத்துக்குள்ள இருக்கிற எடைக்கு நீங்க யார்கிட்டயாவது சண்டைக்குப் போயிருக்கீங்களா?"

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "போவ மாட்டேன்."

"இதுவும் அதுக்குள்ளதான் நிக்குது. என்னுது ஜெயிச்சுதுன்னு எழுத மாட்டேன். இவ தோத்தான்னும் எழுத மாட்டேன். ஜெயிக்காததுக்காக இவள அனுப்பணும்னா என்னையும் அனுப்புங்க. நானும்தான் ஜெயிக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. வீட்டுக் கடன் எல்லாம் ஒரு கணம் கண்ணில் வந்து போயிற்று. பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அண்ணன் இடையில் புகுந்து முகமூடிப் பக்கத்தின் கதையைச் சொன்னார். யார் எடுக்கச் சொன்னது, யார் வேண்டாம் என்றது எல்லாவற்றையும். பாய் அவளைக் கேட்டார்.

"அந்தப் பக்கம் அக்காவோடதுன்னு அப்போ உனக்குத் தெரியாது?"

"தெரியாது பாய்."

"தெரிஞ்சிருந்தா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நல்ல பதில் ஒன்று சுலபமாகக் கையில் இருந்தது. தெரிந்திருந்தாலும் வைத்திருப்பேன் என்று ஒரு வார்த்தை. கேட்கவும் அழகாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சிருந்தா தூக்கியிருப்பேன் பாய்" என்றாள். "அக்காவும் அப்டித்தான். அதுக்குத்தான் பேர மறச்சோம்."

பாய் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"நான் வெச்ச பந்தயமே கலீஜு" என்றார் கடைசியில். "டைட்டிலு நிக்கட்டும், வுழட்டும். ஆளு இருக்கட்டும். மேல போயி வேலையப் பாருங்க." அவள் நன்றி சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி அனுப்பிவிட்டார். படியேறும்போது அவள் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மேலே வந்து சேரும்வரை விடவில்லை.

இப்போது கடல் சாமானுக்கு மட்டும் புது சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது. போன முறை மணலி அங்கே மேலே இருந்தது நிஜமா, தற்செயலா என்று தெரிய வேண்டும் அல்லவா. புதிதாக ஜோடி சேர்த்து, புதிதாகக் குலுக்கி, விதிகளைப் புதிதாக எழுதி வைத்திருக்கிறோம். குழுக்களுக்கு இந்த முறை ராயபுரம், திருவொற்றியூர் என்று பெயர். யாருடையது எது என்று அண்ணன் வாய் திறக்கமாட்டேன் என்கிறார். படகு நிழலில் பார்த்த ஆள் அந்தப் பக்கத்துக்கு எதைச் சொல்லித் தேடி வந்திருப்பார் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அன்று கேட்டிருக்கலாம்.

எனக்கு இன்னமும் என் தலைப்பு ஜெயிக்க வேண்டும் என்றுதான் ஆசை. அவளுக்கும் அவளுடையது. இன்று காலை ராயபுரம் கொஞ்சம் மேலே இருந்தது. அவள் இருக்கையில் இல்லை, கீழே டீ வாங்கப் போயிருந்தாள். என் கை மவுஸில் இருந்தது. ஒரே ஒரு பக்கம் திறந்தால் போதும்.

எழுந்து கீழே போய் அவளோடு நின்று டீ குடித்தேன்.